7,000 ரூபாயில் 1987: வாடகை அறையை எப்படி மாற்றுவது?

மூணாவது டேக் | 4 ஜனவரி 2026, இரவு 11.10

பன்னிரண்டு நிமிடக் குறும்படம். ஒரே அறை, ஒரே விடியற்காலை. 1987 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். இறந்த செய்தி வருகிற நேரம். அச்சகத்தில் கம்பாசிட்டர் வேலை பார்ப்பவர், அவர் மனைவி, ஒரு ரேடியோ. பெரம்பூரில் பத்துக்குப் பன்னிரண்டு அறை இரண்டு நாளைக்குக் கிடைத்திருக்கிறது. வாடகை போக அறையை மாற்றக் கையில் இருப்பது 7,000 ரூபாய். வீட்டுக்காரர் சொன்னது: ஆணி கூடாது, பெயின்ட் கூடாது. சுவர் புட்டி வைத்து வழவழவென்று கிரீம் கலர். தரை வெள்ளை டைல்ஸ். ஜன்னல் அலுமினிய ஸ்லைடிங்.

வாடகைக்கு எடுக்க நினைத்திருப்பவை: ஷட்டர் வைத்த டிவி, சுழற்றும் டெலிபோன், டேப் ரெக்கார்டர், டைப்ரைட்டர், பழைய தையல் மிஷின். சென்னையில் எங்கே மலிவாகக் கிடைக்கும்?

பழைய சாமான் | 5 ஜனவரி, காலை 6.30

தம்பி, இது அறை இல்லை, மியூசியம். உங்கள் கம்பாசிட்டருக்கு டெலிபோன் யார் கொடுத்தது? அந்தக் காலத்தில் அதற்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் சொல்கிறேன். 1987-ல் ஒரு வீட்டுக்குள் போனால் 1987-ல் வாங்கிய பொருள் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மிச்சமெல்லாம் அதற்கு முந்தியவை. இவர்களுக்கு எப்போது கல்யாணம்? 1974 என்று வையுங்கள். அப்படியானால் பித்தளைக் குடம், எவர்சில்வர் பாத்திரம், டிரங்குப் பெட்டி எல்லாம் 1974. ரேடியோ அதற்கு நாலு வருஷம் கழித்து. சுவரில் இருக்கும் மாமனார் போட்டோ 1960. காலண்டர் மட்டும்தான் 1987. எல்லாப் பொருளும் ஒரே வருஷமாக இருந்தால் பார்க்கிறவனுக்குக் கடை மாதிரித் தெரியும், வீடு மாதிரித் தெரியாது.

இன்னொன்று. கேமரா எங்கே நிற்கப்போகிறது? அதைச் சொல்லாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

சுபா மாடிவீடு | 5 ஜனவரி, காலை 9.15

நானும் இதையேதான் தேடிக்கொண்டிருந்தேன்! வாடகை வீடு, ஹாலுக்கு ரெட்ரோ லுக் வேண்டும். ஒயர் நாற்காலி புதிதாகவே பின்னிக் கொடுக்கிறார்கள். குஷன் எந்தக் கலர் போடலாம்?

மூணாவது டேக் | 5 ஜனவரி, மதியம் 1.40

சுபா, இது சினிமாவுக்கு. ஒயர் நாற்காலிக்கு நன்றி, அந்த யோசனையைத் திருடிக்கொள்கிறேன்.

அண்ணே, கேமராவைப் பற்றி நினைக்கவே இல்லை. நாலு சுவரையும் மாற்ற வேண்டும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

பழைய சாமான் | 5 ஜனவரி, இரவு 8.05

நாலு சுவருக்கு 7,000 வராது. வாசல் பக்கமாகக் கேமராவை வைத்து எதிர் மூலையைப் பாருங்கள். இரண்டு சுவர் சேரும் மூலை. அதில் ஆறு அடி ஒரு பக்கம், ஏழு அடி இன்னொரு பக்கம் மட்டும் தயார் செய்தால் போதும். ஜன்னலை ஓரமாகக் கொஞ்சம் விடுங்கள். எதிர்ப்பக்க ஷாட் தேவைப்பட்டால் ஆளைத் திருப்பி உட்கார வைத்து அதே மூலையை மறுபடி எடுங்கள், சாமானை இடம் மாற்றி.

முதல் நாள் எதையும் வைக்காமல் போனிலேயே நாலைந்து படம் எடுங்கள். அதில் 1987-ல் இருந்திருக்க முடியாதவற்றை மட்டும் எழுதுங்கள். சேர்ப்பது அப்புறம்.

மூணாவது டேக் | 8 ஜனவரி, இரவு 10.20

போய் எடுத்துப் பார்த்தேன். அந்த மூலையில் மட்டும்: வெள்ளை மாடுலர் ஸ்விட்ச் போர்டு, ஏசிக்கு விட்ட ஓட்டை, எல்.இ.டி. டியூப், இன்டர்நெட் ஒயர், சுவரின் வழவழப்பு, தரை. ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடியில் டிஷ் ஆன்டெனா.

டெலிபோன், டைப்ரைட்டர் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

காலக்கோடு | 8 ஜனவரி, இரவு 11.00

உங்களுக்கு ஒரு லாட்டரி அடித்திருக்கிறது. 1987-ம் 2026-ம் ஒரே காலண்டர்! இரண்டிலும் ஜனவரி 1 வியாழன், லீப் வருஷமும் இல்லை. டிசம்பர் 24-ம் வியாழன்தான். கடையில் ஓசியில் கொடுக்கிற இந்த வருஷத் தினசரி காலண்டரையே மாட்டுங்கள், ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. படத்தில் ஊர்ப் பெயர் வந்தால் மட்டும் 'சென்னை'யை 'மெட்ராஸ்' என்று மாற்றிவிடுங்கள், 1996-ல்தான் சென்னை ஆனது.

பழைய சாமான் | 9 ஜனவரி, காலை 6.45

பாதி சரி. கிழமை ஒத்துப்போகும், ராகு காலம்கூட ஒத்துப்போகும், வியாழன் எந்தக் காலத்திலும் ஒன்றரை முதல் மூன்றுதான். ஆனால் தாளில் தமிழ் வருஷம் இருக்கும். அப்போது பிரபவ, வருகிற டிசம்பரில் பராபவ. பேனாவால் திருத்திவிடலாம் போலத்தான் இருக்கிறது! திதி திருந்தாது. இந்த வருஷம் டிசம்பர் 24 பௌர்ணமி. 1987-ல் அன்றைக்கு அமாவாசை முடிந்து நாலு நாள்தான். கீழே கடையின் பத்து இலக்க மொபைல் எண்ணும் கியூ.ஆர். கோடும் வேறு. தூரத்தில் மங்கலாகத் தெரிந்தால் சரி, பக்கத்தில் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

சென்னை விஷயமும் அப்படித்தான். 1996-ல் மாறியது ஆங்கிலப் பெயர். தமிழில் அதற்கு வெகு முன்பே 'சென்னை' என்றுதான் அச்சடித்தார்கள். தமிழ்த் தாளில் சென்னையை விடுங்கள், ஆங்கில முகவரியில் மட்டும் மெட்ராஸ். விலைப் பட்டியல் ஏதாவது தெரிந்தால் 'ரூ.' என்று எழுதுங்கள், இப்போதைய ரூபாய்க் குறி 2010-ல் வந்தது.

காலக்கோடு | 9 ஜனவரி, காலை 10.30

திதியை எவன் பார்க்கப்போகிறான்?

வடலி | 9 ஜனவரி, மாலை 5.50

என்ர அம்மா பாப்பா. படம் ஓட ஓட அதைத்தான் பாப்பா.

நாங்கள் ரொறன்ரோவில ஒரு பேஸ்மென்ட்டில 1991 யாழ்ப்பாணத்து அறை செய்தனாங்கள். 1990-க்குப் பிறகு அங்க கரண்ட் இல்லை, அதனால எங்களுக்கு ஸ்விட்ச் பிரச்சினையே வரேல்லை! ஜாம் போத்தல் விளக்கு ஒண்டு, திரியும் கொஞ்ச மண்ணெண்ணெயும். ரேடியோவுக்கு சைக்கிள் டைனமோ. முழுக்க இருட்டு, பேஸ்மென்ட் சுவர் ஒருத்தருக்கும் தெரியேல்லை. ஆனா அந்த விளக்கு வெளிச்சத்தில கேமராவுக்கு ஒண்டும் விழாது, சின்ன மஞ்சள் பல்ப் ஒண்டைப் போத்தலுக்குப் பின்னால மறைச்சு வைச்சனாங்கள். நீங்களும் விடியக் காலமை கரண்ட் கட் எண்டு வைச்சால் பாதிச் செலவு மிச்சம்.

மூணாவது டேக் | 9 ஜனவரி, இரவு 11.30

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கதையில் டியூப் லைட் எரிவது முக்கியம், மனைவி எழுந்து போட வேண்டும்.

சுவருக்கு வருகிறேன். பிளைவுட் எட்டுக்கு நாலு, மூன்று ஷீட் வாடகைக்குப் பேசியிருக்கிறேன், மூன்றும் 900. சுவர் முன் சாய்த்து நிறுத்தி அதில் பழைய சுவர் செய்யலாமா?

பழைய சாமான் | 10 ஜனவரி, காலை 6.20

செய்யலாம். பிரவுன் பேப்பரை மைதாப் பசையில் ஒட்டுங்கள். ஈரத்தில் சுருக்கம் விழும், பயப்பட வேண்டாம், காய்ந்தால் இழுத்துக்கொள்ளும். மிஞ்சுகிற சின்னச் சுருக்கம்தான் நமக்கு வேண்டிய சுவர். மேலே சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து அடியுங்கள், வெறும் சுண்ணாம்பு பேப்பரிலிருந்து உதிரும். இரண்டாவது கையில் சொட்டு நீலம். இடுப்பு உயரம்வரை வெளிர் பச்சை.

அழுக்கை எல்லா இடத்திலும் தெளிக்காதீர்கள். புதிதாக வருகிற பையன்கள் டீ டிகாக்‌ஷனை எடுத்துச் சுவர் முழுக்க அடிப்பார்கள். அழுக்குக்குக் காரணம் வேண்டும். ஸ்விட்ச்சைச் சுற்றிக் கை பட்ட கறுப்பு. பாயில் உட்கார்ந்து சாயும் இடத்தில் தலை எண்ணெய். ஸ்டவ்வுக்கு மேலே புகை. எண்ணெய்க் கறைக்கு நிஜத் தேங்காய் எண்ணெயே போதும், இரண்டு விரலால் தொட்டு, சுவரில் சாய்ந்து உட்காருகிறவர் தலை எங்கே வருமோ அங்கே. அவரை உட்கார வைத்து அளவு பாருங்கள்.

மேஸ்திரி 58 | 10 ஜனவரி, பகல் 12.10

நான் 1979 முதல் வயரிங் வேலை. இங்கே யாரும் ஒயரைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் காலத்து வீட்டில் ஒயர் சுவருக்குள் போகாது. தேக்கு ரீப்பர் அடித்து மேலே இரண்டு ஒயர், அதைச் சுற்றித் தகரக் கிளிப், அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் வரிசையாக. டியூப்பிலிருந்து நேராக மேலே போகும், கூரை ஓரமாகத் திரும்பும், நேராக ஸ்விட்ச் போர்டுக்கு இறங்கும். குறுக்கே சாய்வாக எவனும் இழுக்க மாட்டான். படங்களில் சாய்வாகப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். போர்டு மரப்பெட்டி, கறுப்பு வட்ட ஸ்விட்ச். காயலான் கடையில் கிலோ கணக்கில் கிடக்கும்.

மூணாவது டேக் | 14 ஜனவரி, இரவு 9.00

மேஸ்திரி சார், புதுப்பேட்டைப் பக்கம் ஒரு காயலான் கடையில் முழுப் போர்டே கிடைத்தது, நாலு ஸ்விட்ச், ஒரு ஃபேன் ரெகுலேட்டர், 250 ரூபாய். ரீப்பர் மரக்கடையில் வெட்டி வாங்கினேன். கிளிப் கிடைக்கவில்லை, மாவு டின்னைக் கத்தரித்துச் செய்தேன். விரலில் இரண்டு தையல் போடுகிற அளவுக்கு வெட்டிக்கொண்டேன் என்பதையும் பட்ஜெட்டில் சேர்க்கலாமா தெரியவில்லை.

டியூப் லைட்: குண்டு டியூப், சோக், ஸ்டார்ட்டர் உள்ள பழைய பட்டி தெரிந்தவர் வீட்டு மாடியில் இருந்தது. வெளிச்சம் லேசாகப் பச்சை அடிக்கிறது.

காலக்கோடு | 14 ஜனவரி, இரவு 9.40

பச்சையை எடிட்டில் மஞ்சளாக மாற்றிவிடுங்கள். பழைய காலம் என்றால் மஞ்சள்தான், அப்போதுதான் மனதில் ஒட்டும்.

பழைய சாமான் | 15 ஜனவரி, காலை 7.00

பொங்கல் வாழ்த்து. மஞ்சள் ஆனது போட்டோ, வீடு இல்லை. அப்போது சுண்ணாம்பில் நீலம், வேட்டியில் நீலம், வெளிச்சம் பச்சை. 1987 நீலமாகத்தான் இருந்தது.

காலக்கோடு | 15 ஜனவரி, காலை 8.15

இருந்தது வேறு, நம்புவது வேறு. பார்க்கிறவனுக்கு முதல் ஷாட்டிலேயே காலம் தெரிய வேண்டாமா? நீங்கள் சொல்லும் பச்சை டியூப்பில் அது 2005 மாதிரியும் இருக்கலாம்.

மூணாவது டேக் | 15 ஜனவரி, இரவு 10.50

இரண்டு பேரும் சொல்வதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. கேமராமேன் காலக்கோடு பக்கம். அவருக்கு ஜன்னலில் நிலா வெளிச்சம் வேறு வேண்டுமாம்.

பழைய சாமான் | 16 ஜனவரி, காலை 6.10

நாலாம் பிறை ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கே மறைந்திருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு நிலா கிடையாது. தெருவிளக்கு என்று சொல்லிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூணாவது டேக் | 18 ஜனவரி, இரவு 11.45

கடிதம். கதையில் ஊரிலிருந்து மாமியார் எழுதிய இன்லேண்ட் லெட்டர் ஒன்று வருகிறது, ஒரு குளோஸ்-அப். நானே எழுதினேன், ஜெல் பேனாவில். என் கையெழுத்து வாட்ஸ்அப் காலத்துக் கையெழுத்து என்று நண்பன் சிரிக்கிறான்.

காலக்கோடு | 19 ஜனவரி, காலை 7.30

எழுத்துச் சீர்திருத்தம் 1978. 1987-க்குப் புது எழுத்துதான், கவலை வேண்டாம்.

பழைய சாமான் | 19 ஜனவரி, காலை 7.50

ஆணை 1978. ஆனால் மாமியாரின் கை எந்த வருஷம்? அறுபது வயதுக்காரி 1930-களில் எழுதப் படித்தவள். லை, னை, ணை எல்லாவற்றுக்கும் யானைத் துதிக்கை மாதிரிக் கொம்பு போட்டுத்தான் கடைசிவரை எழுதியிருப்பாள். றா, னாவும் பழைய சுழியில்தான். நீங்கள் பழகி எழுதினால் வரைந்த மாதிரி இருக்கும். வயதானவர் யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

மூணாவது டேக் | 21 ஜனவரி, இரவு 9.20

பாட்டிக்கு எண்பத்தாறு. தாளையும் பால்பாயின்ட் பேனாவையும் கொடுத்தேன். நான் கொடுத்த வசனத்தை எழுதுவதற்கு முன் அவராகவே உச்சியில் 'உ' போட்டார், ஓரத்தில் 'க்ஷேமம்' என்றார். 'மழை' பற்றி ஒரு வரி அவராகச் சேர்த்தார். இடம் போதாமல் கடைசி இரண்டு வரியை மடிப்பு ஓரத்தில் தாளைத் திருப்பி நெருக்கி எழுதினார். எனக்கு இதெல்லாம் தோன்றியே இருக்காது. செலவு: ஒரு கால் கிலோ அல்வா.

முத்திரை அச்சடித்த பக்கத்தைக் காட்டவில்லை, அதில் இப்போதைய விலை இருக்கிறது.

சுபா மாடிவீடு | 21 ஜனவரி, இரவு 9.45

குஷன் கேள்வியை விட்டுவிட்டேன், இழையை விட முடியவில்லை. ஜன்னலுக்கு என்ன செய்தீர்கள்?

மூணாவது டேக் | 21 ஜனவரி, இரவு 10.00

ஸ்பிரிங் கம்பியில் அரைத் திரை. கீழ்ப்பாதியைப் பூப்போட்ட பருத்தித் துணி மூடும். மேல்பாதிக்கு வெளியே பட்டர் பேப்பர் ஒட்டி, உள்ளே மரக்குச்சியில் கறுப்புப் பெயின்ட் அடித்து நெட்டுக்குத்தாக ஐந்து கம்பி. டிஷ் ஆன்டெனா போயே போய்விட்டது.

மூணாவது டேக் | 26 ஜனவரி, மாலை 6.30

24, 25 இரண்டு நாளும் முடிந்தது. தப்புகளை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் தப்பு காலண்டர். காலக்கோடு சொன்னபடியே 2026 தினசரி காலண்டர், கீழே கடைப் பெயர் மேல் வேறு அட்டை ஒட்டி, 24 டிசம்பர் தாள்வரை புரட்டிப் பின்னால் மடித்து ரப்பர் பேண்டு போட்டு மாட்டினேன். முதல் ஷாட் மானிட்டரில் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. நடிக்க வந்த அம்மாதான் சொன்னார்: "என்ன தம்பி, வருஷக் கடைசியில இவ்ளோ தாளு?" டிசம்பர் 24-ல் எட்டே தாள்தான் மிச்சம் இருக்க வேண்டும். அத்தனையையும் கிழித்தோம், மேலே கிழிந்த தாள்களின் அடிக்கட்டை ஒழுங்கில்லாமல் நிற்கிறபடி. திதி மங்கலில்தான் இருக்கிறது, வடலி அம்மாவிடம் காட்ட மாட்டேன்.

இரண்டாவது, பெரிய தப்பு. ரீப்பரையும் போர்டையும் எங்கே ஒட்டுவது? பிளைவுட் ஆறடி உயரம் தாண்டியதும் முடிந்துவிட்டது, மேலே கூரைவரை நிஜச் சுவர். அங்கே டபுள் டேப் போட்டேன். எடுக்கும்போது கிரீம் பெயின்ட் புட்டியோடு கையில் வந்தது, மூன்று இடத்தில். வீட்டுக்காரர் அட்வான்ஸில் 1,200 பிடித்துக்கொண்டார், நியாயம்தான்.

பழைய சாமான் | 26 ஜனவரி, இரவு 8.00

எட்டுக்கு நாலு ஷீட் எப்படி ஆறடியில் முடியும்?

மூணாவது டேக் | 26 ஜனவரி, இரவு 8.10

மாடிப்படி திருப்பத்தில் ஏறவில்லை அண்ணே. இரண்டடி வெட்டிவிட்டோம். வாடகைக் கடைக்காரர் அதற்குத் தனியாகப் பிடித்தார்.

பழைய சாமான் | 26 ஜனவரி, இரவு 8.30

லொக்கேஷன் பார்க்கும்போதே படியை அளக்க வேண்டும். நானும் ஒரு முறை கட்டிலை இப்படி அறுத்திருக்கிறேன்.

டேப்புக்கு: முதலில் சுவரில் மாஸ்கிங் டேப், அதன் மேல் டபுள் டேப். எடுக்கும்போது மாஸ்கிங் டேப்பைச் சுவரோடு ஒட்டி மெதுவாக மடித்து உரிக்க வேண்டும், வெளியே இழுக்கக் கூடாது. அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், ஓதம் உள்ள சுவரில் இதுவும் கைவிடும். மர போர்டு கனம், அதை எப்போதும் பிளைவுட்டில்தான் திருக வேண்டும்.

மேஸ்திரி 58 | 27 ஜனவரி, காலை 11.00

டியூப் எப்படி வந்தது?

மூணாவது டேக் | 27 ஜனவரி, இரவு 10.30

அழகாக வந்தது, அதுவே தலைவலி. ஸ்டார்ட்டர் ஒவ்வொரு டேக்கிலும் ஒவ்வொரு மாதிரி மினுக்குகிறது. ஒன்றில் இரண்டு விநாடி, இன்னொன்றில் ஐந்து. வெட்டி ஒட்ட முடியவில்லை, அதனால் விளக்குப் போடுவதை ஒரே நீள ஷாட்டாக விட்டுவிட்டேன். ஷட்டரை 1/50-ல் வைத்திருந்ததால் படம் சுத்தமாக இருக்கிறது. இரண்டாவது கேமராவாக நண்பன் போனில் எடுத்தது முழுக்க வரி ஓடுகிறது, அதில் ஷட்டரைப் பூட்ட மறந்திருக்கிறான்.

போட்டோவைப் பற்றிச் சொல்ல விட்டேன். மாமனார் படத்தைச் சுவரோடு தட்டையாக ஒட்டியிருந்தேன், கண்ணாடியில் கேமராமேன் முகம் தெரிந்தது. அந்தக் காலத்தில் படம் உயரத்தில், தலை முன்னால் சாய்ந்து தொங்கும் அல்லவா? பின்னால் மேல்பக்கம் ஒரு தெர்மோகோல் துண்டு வைத்துச் சாய்த்தேன். பிரதிபலிப்பும் போனது, அறையும் திடீரென்று எங்கள் தாத்தா வீடு ஆனது.

தரையில் இரண்டு கோரைப்பாய். ஆனால் ஒரு ஷாட்டில் பாய்க்கு வெளியே டைல்ஸ், அதில் டியூப்பின் பிரதிபலிப்பு. இதை வைத்துக்கொள்வதா வெட்டுவதா?

வடலி | 27 ஜனவரி, இரவு 11.15

வையுங்கோ. நடிப்பு நல்லா இருந்தால் ஆர் தரையைப் பாக்கினம்?

பழைய சாமான் | 28 ஜனவரி, காலை 6.15

வெட்டுங்கள். சிவப்பு சிமெண்டுத் தரையில் விளக்கு அப்படிக் கோடாக விழாது. தெரியாதவனுக்கும் ஏதோ தப்பு என்று படும்.

காலக்கோடு | 28 ஜனவரி, காலை 9.00

மஞ்சள் போட்டால் தரையும் மறையும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மூணாவது டேக் | 11 பிப்ரவரி, இரவு 9.50

வெட்டவில்லை, பெரிதாக்கிக் கீழ்ப்பகுதியை மட்டும் ஃபிரேமுக்கு வெளியே தள்ளினேன். கொஞ்சம் நொறுநொறுப்பாக இருக்கிறது. மஞ்சள் போட்டு ஒரு பிரதி, போடாமல் ஒரு பிரதி. வீட்டில் பாட்டிக்கு இரண்டையும் காட்டினேன், அவர் தன் கையெழுத்தை மட்டும் பார்த்தார்.

மொத்தச் செலவு 7,640. பிடித்த அட்வான்ஸும் அறுத்த பிளைவுட்டும் இதில் சேராது.

அடுத்த கதை 1996-ல் நடக்கிறது. அதற்கு 2024 காலண்டர் ஒத்துப்போகும் என்று கணக்குப் போட்டுவிட்டேன், இரண்டுமே திங்களில் தொடங்கும் லீப் வருஷம். யாராவது தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா? மாதக் காலண்டராக இருந்தால் நல்லது, தாள் எண்ண வேண்டியதில்லை.